வேலைய விட்டுட்டு டப்ளின் போறேன், கைல 3000 ஈசாப் இருக்கு, என்ன பண்றது?

பெல்லந்தூர்வாசி

வணக்கம் மக்களே. பெங்களூர்ல ஒரு ஸ்டார்ட்அப்ல மூணு வருஷத்துக்கு மேல வேலை பாத்தாச்சு, பிப்ரவரி நடுவுல லாஸ்ட் வொர்க்கிங் டே, மார்ச்ல குடும்பத்தோட டப்ளின் கெளம்பறோம். வீடு காலி பண்றது, பொண்ணோட டிசி வாங்கறதுன்னு எல்லாம் ஓடிட்டு இருக்கு, நடுவுல இந்த ஈசாப் விஷயம் தலைய சுத்துது. சேரும்போது 4000 ஆப்ஷன், அதாவது கம்பெனி ஷேர முன்னாடியே பேசின விலைக்கு வாங்கிக்கற உரிமை, குடுத்தாங்க, வருஷத்துக்கு 1000 வெஸ்ட் ஆகும், அதாவது நம்மளுதாகும், இதுவரைக்கும் 3000 ஆயிருக்கு, நாலாவது 1000 ஜூன்ல. எக்சர்சைஸ் விலை, அதாவது ஆப்ஷன ஷேரா மாத்திக்க கட்டற விலை, 100 ரூபா. போர்ட்டல்ல போய் பாத்தா போன ரவுண்டு விலை 1000 ரூபான்னு போட்டு, உங்க மதிப்பு 27 லட்சம்னு பச்சை கலர்ல காட்டுது. வேலைய விட்டதும் 90 நாள்ல எடுத்துக்கணும் இல்லனா போயிடும்னு லெட்டர்ல இருக்கு. கம்பெனி இன்னும் லிஸ்ட் ஆகல. எடுக்கலாமா விட்டுடலாமா? ஜூன்ல வரவேண்டிய 1000ல எட்டு மாசத்துக்கான பங்காவது கேட்டா குடுப்பாங்களா?

எச்எஸ்ஆர்_கார்த்தி

ப்ரோ, நான் நாலு வருஷமா நிஃப்டி ஆப்ஷன் ட்ரேட் பண்றவன், இது சிம்பிள். உன் கைல இருக்கறது ஒரு டீப் இன் த மணி கால், அதாவது ஷேர் விலைய விட ரொம்ப கம்மி விலைக்கு வாங்கற ஆப்ஷன், அவ்ளோதான். ஆப்ஷன் விலை போடற பிளாக் ஷோல்ஸ் கால்குலேட்டர்ல ஸ்பாட் 1000, ஸ்ட்ரைக் 100, ஏழு வருஷம், வட்டி 6.5 போட்டேன், ஒரு ஆப்ஷன் 937 ரூபா வருது. 3000க்கு 28 லட்சம், போர்ட்டல் கம்மியாத்தான் காட்டுது. டிவிடெண்ட் இல்லாத கால் ஆப்ஷன முன்னாடியே எக்சர்சைஸ் பண்றது முட்டாள்தனம்னு எந்த புக்லயும் இருக்கும், டைம் வேல்யூ வீணாப்போகும். கடைசி வரைக்கும் வெச்சிரு. நீ ப்ரீமியம் ஒண்ணும் கட்டலியே, நஷ்டமே கிடையாது.

ஒயிட்ஃபீல்ட்_சுபா

எங்க கம்பெனில இதெல்லாம் ஒரு பிரச்சினையே இல்லயே. வெஸ்ட் ஆன அன்னிக்கே டாக்ஸுக்கு வேண்டிய ஷேர அவங்களே வித்துட்டு மீதிய அக்கவுண்ட்ல போட்டுடறாங்க, நான் ஒரு ரூபா கட்டினதில்ல. ஹெச்ஆர்கிட்ட சொல்லி அதே மாதிரி பண்ணித்தர சொல்லுங்க.

ஜெயநகர்_அக்கா

சுபா, உனக்கு வர்றது ஆர்எஸ்யூ, நேரா ஷேராவே குடுக்கறது, அதுவும் அமெரிக்கால லிஸ்ட் ஆன கம்பெனியோடது. அதுல எக்சர்சைஸ் விலைங்கறதே கிடையாது, வித்தா வாங்க மார்க்கெட் இருக்கு, அதனால டாக்ஸுக்கு வித்துக்க முடியுது. இவரோட ஷேர யாருக்கு விக்கிறது?

தம்பி கார்த்தி சொல்றதுல பாதி சரி. நான் ஸ்டார்ட்அப் ஃபைனான்ஸ் டீம்ல இருந்து யாருக்கு எவ்ளோ ஷேர்னு இருக்கற கேப் டேபிள் பாத்தவ, அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கோங்க.

முதல்ல விலை. என்எஸ்இல ஒரு கால் ஆப்ஷனோட ப்ரீமியத்த யாரும் உக்காந்து கணக்கு போட்டு அறிவிக்கறதில்ல, வாங்கறவனும் விக்கிறவனும் ஸ்கிரீன்ல முட்டி மோதி வர்ற விலை அது, கால்குலேட்டர் சும்மா சரிபாக்கத்தான். ஈசாப்புக்கு அந்த ஸ்கிரீனே கிடையாது. கம்பெனியும் பிளாக் ஷோல்ஸ்தான் போடும், ஆனா அது ஆப்ஷன் குடுக்கற கிராண்ட் தேதியில தன் புக்ஸ்ல செலவு எழுதறதுக்கு, அந்த நம்பர யாரும் உங்களுக்கு காசா தரப்போறதில்ல.

அடுத்து அந்த 1000 ரூபா. அது இன்வெஸ்டர் வாங்கின பிரிஃபரன்ஸ் ஷேரோட விலை. கம்பெனி வித்தா மொதல்ல அவங்க போட்ட பணம் வெளிய போகும், மிச்சம் இருந்தாத்தான் சாதா ஷேர் வெச்சிருக்கற உங்களுக்கு. அதனாலதான் மெர்ச்சண்ட் பேங்கர் போடற எஃப்எம்வி, அதாவது சாதா ஷேரோட நியாயமான மதிப்பு, பல கம்பெனில ரவுண்டு விலைய விட நல்லாவே கம்மியா இருக்கும். உங்க ஃபைனான்ஸ்கிட்ட கடைசி எஃப்எம்வி என்னன்னு கேளுங்க, போர்ட்டல நம்பாதீங்க.

கார்த்தி ஏழு வருஷம்னு போட்டது அடுத்த தப்பு. கிராண்ட் லெட்டர்ல எத்தன வருஷம் இருந்தாலும் ராஜினாமா பண்ணின நிமிஷம் அது 90 நாளா சுருங்கிடுது. என்எஸ்இல நீ வாங்கின கான்ட்ராக்ட்டோட எக்ஸ்பைரிய நீ வேலை மாறினேன்னு எவனும் முன்னாடி இழுக்க மாட்டான், இல்ல? இங்க அதான் நடக்குது.

பெல்லந்தூர்வாசி

அக்கா, கேட்டுட்டேன். எஃப்எம்வி 700 ரூபாயாம்.

ஜெயநகர்_அக்கா

சரி, அப்போ கணக்கு பாப்போம். 3000 எடுக்க 100 ரூபா வீதம் 3 லட்சம். அதோட முடியல, 700க்கும் 100க்கும் நடுவுல இருக்கற 600 ரூபாய இன்கம் டாக்ஸ் டிபார்ட்மெண்ட் உங்க சம்பளமாத்தான் பாக்கும், ஷேர வித்தீங்களா இல்லயான்னு கேக்காது. 3000 இன்ட்டு 600, 18 லட்சம். 30 சதவீத ஸ்லாப்ல செஸ்ஸோட சேத்து 31.2 சதவீதம், 5,61,600 ரூபா. கம்பெனி இத உங்ககிட்ட வாங்கி டிடிஎஸ்ஸா கட்டிட்டுத்தான் ஷேர் குடுக்கும். மொத்தம் 8,61,600 ரூபா கையிலேர்ந்து போகுது, பதிலுக்கு விக்க முடியாத ஷேர். 3000ஆல வகுத்தா ஒரு ஷேருக்கு 287 ரூபா சொச்சம். என்னிக்காவது அதுக்கு மேல வித்தாத்தான் போட்டது திரும்பும்.

கார்த்தி நஷ்டமே இல்லன்னாரு, எக்சர்சைஸ் பண்ற வரைக்கும் அது உண்மைதான். நிஃப்டி கால் வாங்கினவனுக்கு ரிஸ்க் வாங்கற அன்னிக்கே ஆரம்பம், அது ப்ரீமியத்தோட முடிஞ்சும் போயிடும். ஈசாப்ல ரிஸ்க் எக்சர்சைஸ் பண்ற அன்னிக்குத்தான் ஆரம்பிக்குது, அதுவும் டாக்ஸையும் சேத்து இழுத்துட்டு வருது. நாளைக்கு ஷேர் 700லேர்ந்து 200க்கு போனா அது கேபிடல் லாஸ். அத சம்பள வருமானத்துல கழிக்க முடியாது, கட்டின 5.6 லட்சமும் திரும்ப வராது.

அந்த முன்னாடியே எக்சர்சைஸ் பண்ணாதேங்கற விதி வேலை செய்யறதே கால் ஆப்ஷன மார்க்கெட்ல வித்துடலாம்ங்கறதுனாலதான். எக்சர்சைஸ் பண்ணா 600, வித்தா அதுக்கு மேல கொஞ்சம் கிடைக்கும், அப்போ எவன் எக்சர்சைஸ் பண்ணுவான்? ஈசாப்ப விக்கவோ, யார் பேருக்கும் மாத்தவோ, அடமானம் வெக்கவோ கம்பெனி சட்ட விதியே விடாது. வெளிய வர இருக்கற ஒரே கதவு எக்சர்சைஸ்தான்.

எச்எஸ்ஆர்_கார்த்தி

ஓகே அக்கா, எக்ஸ்பைரி பாயிண்ட் ஒத்துக்கறேன். ஆனா ஸ்டார்ட்அப் ஈசாப்புக்கு டாக்ஸ அஞ்சு வருஷம் கிட்ட தள்ளிப்போடலாம்னு 2020 பட்ஜெட்லயே வந்துச்சே? இல்லனா ஒரு நிஃப்டி புட் வாங்கி ஹெட்ஜ் பண்ணிட்டு எடுக்கலாம்.

ஜெயநகர்_அக்கா

அந்த சலுகை இருக்கு, ஆனா அரசு போர்டுகிட்ட தனியா சர்டிஃபிகேட் வாங்கின ஸ்டார்ட்அப்புக்கு மட்டும், சும்மா ஸ்டார்ட்அப்னு பதிவு பண்ணியிருந்தா பத்தாது. அதோட வேலைய விட்டா அந்த நாளோட சலுகையும் முடியும். இவரு விட்டுட்டுத்தானே போறாரு, இவருக்கு பிரயோஜனம் இல்ல.

புட் வாங்கி என்ன பண்றது தம்பி, நிஃப்டி விழுந்தாத்தான் புட்டுக்கு காசு. இவரோட கம்பெனிக்கு ஃபண்டிங் வரலன்னா நிஃப்டி அன்னிக்கு புது உச்சத்துல கூட இருக்கும். லிஸ்ட் ஆகாத கம்பெனிக்குன்னு எந்த கான்ட்ராக்ட்டும் கிடையாது, ஹெட்ஜ்ங்கற பேச்சே இங்க எடுக்க முடியாது.

அந்த எட்டு மாசப் பங்கு: உங்க லெட்டர்ல வருஷா வருஷம்னு இருந்தா ஜூனுக்கு ஒரு நாள் முன்னாடி போனாலும் அந்த 1000ல ஒண்ணு கூட வராது. மாசா மாசம் வெஸ்ட் ஆகற ஸ்கீமா இருந்தாத்தான் இதுவரைக்கும் ஆனது உங்களுது. ஷேர் மார்க்கெட்ல வாங்கின ஆப்ஷன்ல வெஸ்டிங்ன்னு ஒண்ணு இல்ல, காசு குடுத்த நிமிஷம் உன்னுது. இங்க உழைப்புதான் ப்ரீமியம், தவணைய முடிக்கலன்னா பொருள் இல்ல. கேட்டுப் பாக்கறதுல தப்பில்ல, ஆனா போர்டு ஒத்துக்கணும், மேனேஜர் தலையாட்டினா போதாது.

சிங்கப்பூர்_ராஜ்

நான் இந்திராநகர்லேர்ந்து கெளம்பும்போது இதே நெலமதான். மொத்தமும் எடுக்கணும்னு இல்ல, பாதி எடுத்தேன், பாதிய விட்டேன். கம்பெனி இன்னும் இருக்கு, பைபேக் வரும் வரும்னு மூணு தீபாவளி போச்சு, வந்தபாடில்ல. விட்டதுக்கும் வருத்தமில்ல, எடுத்ததுக்கும் சந்தோஷமில்ல. ஒரு விஷயம், கெளம்பறதுக்கு முன்னாடியே டீமேட்டையும் பேங்க் அக்கவுண்ட்டையும் வெளிநாட்டுல இருக்கறவங்களுக்கான என்ஆர்ஓவா மாத்தற வேலைய விசாரிச்சு வெச்சுக்கோங்க, அங்க போயிட்டு கேஒய்சி பேப்பர் அனுப்பறது பெரிய தலைவலி. அப்புறம் லெட்டர்ல பேட் லீவர்னு ஒரு கிளாஸ் இருந்தா அத ரெண்டு தடவ படிங்க. எங்க கம்பெனில போட்டி கம்பெனிக்கு போனா எடுத்த ஷேரயே எக்சர்சைஸ் விலைக்கு திரும்ப வாங்கிக்கலாம்னு எழுதியிருந்தாங்க.

ஜெயநகர்_அக்கா

ராஜ் சொன்ன கிளாஸ் முக்கியம். இன்னொன்னு இப்பத்தான் தோணுச்சு, தேதிய பாருங்க. பிப்ரவரி நடுவுலேர்ந்து 90 நாள்னா மே நடு வரைக்கும் போகுது, மார்ச் 31 உள்ள வந்துடுது. மார்ச்ல எக்சர்சைஸ் பண்ணா அந்த 18 லட்சம் உங்க முழு வருஷ சம்பளத்துக்கு மேல போய் உக்காரும், அதான் 30 சதவீதம். ஏப்ரல்ல பண்ணா புது நிதியாண்டு, அதுல இந்தியாவுல உங்களுக்கு வேற சம்பளமே கிடையாது. இப்போ இருக்கற புது ரெஜீம் ஸ்லாப்ல, ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் 75,000 போக 17.25 லட்சத்துக்கு டாக்ஸ் 1,45,000, செஸ்ஸோட 1,50,800. அதே 3000 ஆப்ஷன்தான், டாக்ஸ் நாலுல ஒரு பங்குக்கு கிட்ட வந்துடுச்சு. போட்டது திரும்ப வேண்டிய விலையும் 287லேர்ந்து 150 ரூபாய்க்கு இறங்குது. வாடகை, வட்டின்னு வேற வருமானம் இருந்தா கொஞ்சம் ஏறும். அதுக்குள்ள புது வேல்யுவேஷன் வந்து எஃப்எம்வி மாறினாலும் கணக்கு மாறும், மெர்ச்சண்ட் பேங்கர் ரிப்போர்ட் 180 நாளுக்கு மேல பழசா இருக்கக்கூடாது, அதனால ரிப்போர்ட் தேதிய கேட்டு வெச்சுக்கோங்க.

பெல்லந்தூர்வாசி

இத யாருமே சொல்லலியே அக்கா! ஆனா ஏப்ரல்ல நான் டப்ளின்ல இருப்பேனே, அவங்க வேற தனியா டாக்ஸ் கேப்பாங்களா?

சிங்கப்பூர்_ராஜ்

எனக்கு இங்க கேக்கல, ஆனா சிங்கப்பூர வெச்சு அயர்லாந்த முடிவு பண்ணாதீங்க.

ஜெயநகர்_அக்கா

அது எனக்கு பழக்கமில்லாத ஏரியா. ரெண்டு நாட்டு ஒப்பந்தமும் தெரிஞ்ச சிஏகிட்ட கிராண்ட் தேதி, வெஸ்ட் ஆன தேதிங்க, எக்சர்சைஸ் பண்ணப்போற தேதி மூணையும் எழுதிக்குடுத்து கேளுங்க. வேலை பாத்த காலம் முழுக்க பெங்களூர்ங்கறத சொல்ல மறக்காதீங்க, எந்த நாட்டு சம்பளம்ங்கறது அத வெச்சுத்தான் வரும். ஹெச்ஆர்கிட்ட 90 நாள் எந்த தேதிலேர்ந்து எண்றாங்கன்னு மெயில்ல வாங்கிக்கோங்க, ராஜினாமா குடுத்த நாளா, லாஸ்ட் வொர்க்கிங் டேவா. ராஜினாமா தேதின்னா டிசம்பர்லயே ஆரம்பிச்சிருக்கும், ஏப்ரல் வரைக்கும் தாங்காது.

பெல்லந்தூர்வாசி

டிசம்பர் 16 குடுத்தேன். மெயில் போட்டுட்டேன், பதில் வந்ததும் எழுதறேன்.

எச்எஸ்ஆர்_கார்த்தி

ப்ரோ டிசம்பர் 16லேர்ந்து எண்ணினா மார்ச் 16. அப்படி இருந்தா 1000 மட்டும் எடு, மீதிய விட்டுடு.

ஒயிட்ஃபீல்ட்_சுபா

எனக்கு இன்னும் புரியல, டாக்ஸுக்கு ஷேர விக்க முடியாதுன்னா கம்பெனியே லோன் குடுக்காதா?