‘ரத்தக்கட்டு’ என்று நான் சொன்னேன், அம்மா மாத்திரையைக் கையில் எடுத்துவிட்டார்

திருமங்கலத்தாள்

ஸ்கேன் அறிக்கையில் இருந்தது ஒரே வரி. இடப்பக்கம் குரோனிக் சப்டியூரல் ஹெமடோமா, மிட்லைன் ஷிஃப்ட் 8 மி.மீ. அப்பாவுக்கு 72 வயது, ஐந்து வருடங்களுக்கு முன்பு ஸ்டென்ட் வைத்தவர். நடக்கும்போது வலது கால் செருப்பு நழுவி விழும். அது விழுந்ததே தெரியாமல் நாலடி போய்விடுவார். பேசும்போது சாதாரணச் சொல் வராமல் தடுமாறினார். வயதாகிவிட்டது, மறதி வருகிறது என்று நாங்களாகவே முடிவு கட்டியிருந்தோம். கொல்லைப்புறக் கதவு நிலையில் ஏழு வாரங்களுக்கு முன்பு தலையை இடித்துக்கொண்டதை டாக்டர் கேட்ட பிறகுதான் நினைத்துப் பார்த்தோம். அன்று வீக்கம்கூட இல்லை.

வீட்டில் ஆங்கிலம் படித்தவள் நான் என்பதால் காகிதம் என் கைக்கு வந்தது. அத்தைக்கு ‘ஓமா’ மட்டும் காதில் விழுந்தது. மாமா போனது லிம்ஃபோமாவில். தாழ்வாரத்திலேயே உட்கார்ந்து அழத் தொடங்கிவிட்டார். என் தம்பி ‘குரோனிக்’ என்றால் முற்றியது என்றான். அவர்களை அடக்குவதற்காக, “புற்றும் இல்லை, ஒன்றும் இல்லை, தலையில் ரத்தக்கட்டு, அவ்வளவுதான்” என்று சொன்னேன். அழுகை நின்றது. சரியாகச் சொல்லிவிட்டேன் என்றே நினைத்தேன்.

அன்று இரவு எட்டரை மணிக்கு வார்டுக்குள் போகிறேன், அம்மா ஒரு கையில் தண்ணீர் டம்ளரும் மறு கையில் ஒரு மாத்திரையுமாக அப்பாவின் தலைமாட்டில் நிற்கிறார். ரோஜா நிற மாத்திரை. ஸ்டென்ட் வைத்த நாளிலிருந்து தினமும் கொடுப்பது. “ரத்தக்கட்டைக் கரைக்கிற மாத்திரையை இங்கே நிறுத்திவிட்டார்கள், கட்டு எப்படிக் கரையும்?” என்கிறார். இதயத்துக்கு அந்த மாத்திரையைக் கொடுத்தபோதும் எல்லோரும் அவரிடம் சொன்ன சொல் அதே ‘ரத்தக்கட்டு’தான். அவர் தப்பாக யோசிக்கவில்லை. நான் கொடுத்த சொல்லை வைத்துச் சரியாகவே யோசித்தார்.

பணியில் இருந்த சிஸ்டர் அம்மாவின் மணிக்கட்டை மெதுவாகப் பிடித்தார். திட்டவில்லை. “அம்மா, இதயத்தில் ரத்தம் குழாய்க்குள் உறைந்து அடைத்துக்கொண்டது. இங்கே குழாய்க்கு வெளியே கசிந்து தேங்கி நிற்கிறது. இந்த மாத்திரையைக் கொடுத்தால் கசிவு கூடும்” என்றார். அம்மாவுக்குப் பாதிதான் புரிந்தது என்று தெரிந்ததும், “முற்றிய தேங்காயை ஆட்டினால் உள்ளே பருப்பு ஆடும் இல்லையா? வயதானால் மூளையும் கொஞ்சம் சுருங்கும். ஓட்டுக்கும் பருப்புக்கும் நடுவே இடம் விழுந்துவிடும். அந்த இடத்தில்தான் ரத்தம் நிற்கிறது. மூளைக்குள் இல்லை” என்றார்.

அம்மா உள்ளங்கையை விரித்தார். மாத்திரையின் சாயம் வியர்வையில் ஒட்டி, கையில் வட்டமாக இருந்தது. எனக்கு அந்த வட்டம் மறக்கவில்லை. உங்களில் யாராவது இப்படிச் சொல்லி மாட்டிக்கொண்டதுண்டா?

மருந்துக்கடை, ஈரோடு

இருபது வருடமாகக் கடையில் நிற்கிறேன், தினமும் யாராவது சீட்டை நீட்டி இது என்ன நோய் என்று கேட்கிறார்கள். பெயரின் வாலைப் பார்த்தால் போதும். ‘ஓமா’ என்று முடிந்தால் கட்டி. ‘ஐட்டிஸ்’ என்று முடிந்தால் கிருமி. ‘எக்டமி’ என்றால் வெட்டி எடுப்பது. கிரேக்கம் அவ்வளவு ஒழுங்கான மொழி. ஆகவே உங்கள் அத்தை பயந்ததில் நியாயம் இருக்கிறது.

சென்ற மாதம் ஒரு பையன் அவனுடைய அம்மாவின் சீட்டோடு வந்தான், ஆர்த்ரைட்டிஸ். மூட்டில் கிருமி என்று விளக்கிச் சொன்னேன். டாக்டர் ஏன் கிருமிக்கு மருந்து எழுதவில்லை என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை. அந்தப் பையன் முகம் இன்னும் உறுத்துகிறது.

ஓய்வுபெற்ற செவிலியர்

ஈரோட்டுத் தம்பி, அந்தப் பையன் கேட்டதுதான் சரியான கேள்வி. ‘ஐட்டிஸ்’ என்பது அழற்சி. அந்த இடம் சூடாகி, சிவந்து, வீங்கி, வலிப்பது. கிருமியால் வரலாம், தேய்மானத்தால் வரலாம், உடலின் எதிர்ப்புச் சக்தி தன் மூட்டையே தாக்குவதாலும் வரலாம். அந்த அம்மாவின் வீட்டுக்குத் தகவல் சொல்லிவிடுங்கள், யாராவது ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுத்துவிடப் போகிறார்கள். ‘ஓமா’வும் அப்படியே. கிளாக்கோமா கண் நோய், அதில் கட்டி எங்கே இருக்கிறது? ஹெமடோமாவில் திரண்டிருப்பது ரத்தம். மெலனோமாவோ கொடிய புற்று. வாலை மட்டும் பிடித்தால் மூன்றும் ஒன்றாகிவிடும்.

நரம்பியல் அறுவைப் பிரிவில் பல வருடம் இருந்தேன். குடும்பத்தாரிடம் அந்தப் பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்க்காதீர்கள் என்றே புதிதாக வரும் பெண்களிடம் சொல்வேன். அவர்களுக்கு வேண்டியது, எங்கே இருக்கிறது, என்ன இருக்கிறது, எத்தனை நாளாக இருக்கிறது, அது எதை அழுத்துகிறது என்பது. ‘சப்’ என்றால் கீழே, ‘டியூரா’ என்பது மண்டை ஓட்டின் உட்புறம் ஒட்டியிருக்கும் தடித்த உறை. ஆகவே, மூளையை மூடிய உறைக்கு அடியில், மூளைக்கு மேலே. ‘ஹெமடோமா’ என்றால் தேங்கிய ரத்தம். மிட்லைன் ஷிஃப்ட் என்பது நடுக்கோடு 8 மி.மீ. மறுபக்கம் தள்ளப்பட்டிருக்கிறது என்பது. இடப்பக்கம் அழுத்தினால் வலது காலும் பேச்சும் தடுமாறும். செருப்பு நழுவியதை இதோடு சேர்த்துச் சொல்லிவிட்டால் வீட்டில் யாரும் மறக்கமாட்டார்கள்.

‘குரோனிக்’ என்ற சொல்லுக்கு உங்கள் தம்பி சொன்ன பொருளைப் பாதிக் குடும்பங்கள் சொல்லும். காலம் என்பதற்கான கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது அது. நாள்பட்டது, அவ்வளவே. கடுமைக்கும் அதற்கும் தொடர்பில்லை. இந்த நோயில் நாள்பட்டது என்பது ஒரு வகையில் நல்ல செய்தி. ஸ்கேனில் புது ரத்தம் வெள்ளையாகத் தெரியும். அது உறைந்து கெட்டியாக இருப்பதால் பெரும்பாலும் ஓட்டைப் பெரிதாகத் திறக்க வேண்டிவரும். வாரக்கணக்கில் நின்ற ரத்தம் நீர்த்துப்போய்க் கறுப்பாகத் தெரியும். ஓட்டில் ஒன்றோ இரண்டோ துளை போட்டால், பழைய என்ஜின் ஆயில் நிறத்தில் தானாக வழியும்.

எனக்கு உறுத்துவது ஒரு தாத்தா. அவருடைய மகனிடம் “ரத்தம் வடிய ஒரு குழாய் இருக்கும்” என்று சொன்னேன், அது எத்தனை நாள் இருக்கும் என்று சொல்லவில்லை. மறுநாள் பையில் கறுப்பாக நிறைந்ததைப் பார்த்து, அப்பாவுக்கு ரத்தம் போய்க்கொண்டே இருக்கிறது என்று நினைத்து, குழாயை எடுக்கச் சொல்லிச் சண்டை போட்டார். இரண்டு நாள் அது இருக்கத்தான் வேண்டும். 2009இல் லான்செட் இதழில் வந்த கேம்பிரிட்ஜ் ஆய்வில், குழாய் வைக்காதவர்களில் 100க்கு 24 பேருக்கு மறுபடி அறுவை தேவைப்பட்டது, வைத்தவர்களில் 9 பேருக்குத்தான். கையெழுத்து வாங்கும்போதே இதைச் சொல்லியிருந்தால் அந்தச் சண்டை வந்திருக்காது.

பொள்ளாச்சி

சகோதரி, ஆபரேஷன் தேவையா இல்லையா என்று கேட்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். வேறு ஒரு டாக்டரிடமும் காட்டுங்கள். என் பெரியப்பாவுக்கும் இதே போலத் தலையில் ரத்தம், அளவு சிறியது, ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லி அடிக்கடி ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள், இரண்டு மாதத்தில் தானாக வற்றிவிட்டது. சி.டி. படத்தைக் கையோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், காகிதம் மட்டும் போதாது, இன்னொரு டாக்டர் படத்தைத்தான் கேட்பார். ரத்த அழுத்தம், சர்க்கரை இரண்டையும் தினமும் எழுதி வையுங்கள். படுக்கையருகே இரவில் சின்ன விளக்கு எரியட்டும். குளியலறைத் தரையில் வழுக்காத விரிப்பு போடுங்கள். அந்தக் கொல்லைக் கதவு நிலையையும் முதலில் உயர்த்துங்கள்.

தேங்காய் பற்றிச் சொன்ன சிஸ்டர் தென்னை தெரிந்தவர். உருண்டைக் கொப்பரைக்கு முற்றிய காயை உரிக்காமல் எட்டு மாதத்துக்கு மேல் பரணில் போட்டு வைப்போம். உள்ளே தண்ணீர் வற்றி, பருப்பு ஓட்டை விட்டுக் கழன்று கடகடவென்று ஆடும். ஆனால் அது ஆரோக்கியமான கொப்பரை. கெட்டுப்போனது என்று உங்கள் அம்மா எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஓய்வுபெற்ற செவிலியர்

பொள்ளாச்சி ஐயா, சகோதரி அதைக் கேட்கவில்லை. உங்கள் பெரியப்பாவுக்கு நடந்தது உண்மைதான். சிறியதாக, தொந்தரவு இல்லாமல் இருந்தால் காத்திருப்பார்கள். 8 மி.மீ. தள்ளி, கால் தடுமாறி, பேச்சும் தடுமாறுகிறவருக்கு அந்த யோசனையைச் சொல்லாதீர்கள். கொப்பரை விஷயத்தில் நீங்கள் சொன்னது நல்ல திருத்தம். சுருங்கிய மூளைக்கும் உறைக்கும் நடுவே மெல்லிய ரத்தக் குழாய்கள் பாலம் போல ஓடுகின்றன. இடைவெளி கூடினால் அவை இழுபட்டு நிற்கும், சின்ன இடி பட்டாலும் அறுந்து கசியும். அப்பா பெரிதாக அடிபடவில்லையே என்று குடும்பங்கள் கேட்கிற கேள்விக்குப் பதில் இதில் இருக்கிறது.

மானிப்பாய்

‘டியூரா மேட்டர்’ என்பதில் மேட்டர் என்றால் தாய். அரபு மருத்துவர்கள் அந்த உறையைக் கடினமான தாய் என்று அழைத்தார்கள், 12ஆம் நூற்றாண்டில் அதை அப்படியே லத்தீனுக்குக் கொண்டுபோனார்கள். நாங்கள் இலங்கையில் ‘வன்றாயி’ என்று படித்தோம். 19ஆம் நூற்றாண்டில் எங்கள் ஊரில் டாக்டர் சாமுவேல் கிரீன் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார், அந்த வழக்கம் எங்களுக்குப் பெருமை.

ஆனாலும் என் அம்மம்மாவின் கட்டிலருகே நின்று ‘வன்றாயிக்குக் கீழே குருதித் திரள்’ என்று மாமாவிடம் சொன்னபோது, அவர் என்னைப் பார்த்த பார்வை, நான் இன்னொரு அந்நிய மொழி பேசியது போல இருந்தது. செவிலியர் அம்மா சொன்னதில் எனக்கு ஒரு மறுப்பு உண்டு. பெயரையும் குடும்பத்துக்குச் சொல்லத்தான் வேண்டும். எளிய சொல்லை மட்டும் கொடுத்து அனுப்பினால், அடுத்த டாக்டர் கேட்கும்போது “தலையில் ஏதோ” என்றுதான் சொல்வார்கள்.

திருமங்கலத்தாள்

பொள்ளாச்சி ஐயா, அறுவை போன மாதமே முடிந்துவிட்டது. இரண்டு துளை, இரண்டு நாள் குழாய். மூன்றாம் நாள் அப்பா வலது கால் செருப்பைத் தானே தேடி மாட்டிக்கொண்டார். கதவு நிலையை உயர்த்த ஆசாரியிடம் சொல்லியிருக்கிறோம்.

மானிப்பாய் சொன்னதைப் படித்துவிட்டு, மருந்துப் பெட்டி மூடிக்குள் ஒரு காகிதம் ஒட்டினேன். மேலே ‘சப்டியூரல் ஹெமடோமா’ என்று தமிழ் எழுத்தில். கீழே, மூளை உறைக்கு அடியில் ரத்தம் கசிந்து தேங்கியது, குழாய் அடைப்பு அல்ல என்று. ‘ரத்தக்கட்டு’ என்ற சொல்லை அதில் எழுதவில்லை. ஊரில் கேட்பவர்களிடம் அம்மா இன்னும் அதைத்தான் சொல்கிறார். “வெளியே நின்ற ரத்தக்கட்டு” என்று ஒரு சொல்லை முன்னால் சேர்த்துக்கொண்டிருக்கிறார்.

ரோஜா நிற மாத்திரையை எப்போது மறுபடி தொடங்குவது என்பதில் இதய டாக்டரும் மூளை டாக்டரும் இன்னும் ஒரே நாளைச் சொல்லவில்லை. ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளுமோ என்று ஒருவருக்குக் கவலை, மறுபடி கசியுமோ என்று மற்றவருக்கு. அடுத்த ஸ்கேன் பார்த்துவிட்டு இருவரும் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை அந்த அட்டை என் கைப்பையில் இருக்கிறது.