புதுப்பிப்பு: 3:50-ஐ 4:50 என்று படிக்கும் மகள்

அன்று கேட்டது: "பொண்ணுக்கு ஆறு வயசு. 3:50-ஐ 4:50னு படிக்கிறா. எந்தக் கடிகாரம், என்ன விளையாட்டு உதவும்?"

பதில் போட்டவர்களில் டீச்சரம்மா சொன்ன வழிதான் வேலை செய்தது. பழைய சுவர்க் கடிகாரத்தின் கண்ணாடியை எடுத்து, நொடி முள்ளை மெல்ல இழுத்து, நடு நட்டைத் திருகிப் பெரிய முள்ளைக் கழற்றிவிட்டேன். சின்ன முள் மட்டும் ஓடியது. "நாலைத் தாண்டிடுச்சா?" என்று போகவர கேட்பதுதான் விளையாட்டு. நாலைத் தொடும்வரை மூணுதான் என்பது அவளுக்கே பிடிபட்டது. பிறகுதான் பெரிய முள்ளை மாட்டினேன்.

அட்டைக் கடிகாரம் செய்யச் சொன்ன அண்ணா பாதி சரி. ஐந்தைந்தாக எண்ணிப் பழக அது போதும். ஆனால் அதில் முட்கள் தனித்தனியாகச் சுற்றும்; 3:50 வைத்தால் சின்ன முள் மூணிலேயே நிற்கும். நிஜத்தில் அது நாலை ஒட்டி நிற்கும். குழப்பமே அங்கேதானே! பொம்மைக் கடிகாரம் வாங்கினால், பெரிய முள்ளைச் சுற்றும்போது சின்னதும் கூடவே நகருகிறதா என்று கடையிலேயே பாருங்க.

மணி பார்க்கப் பழக மகனுக்கு ஸ்மார்ட் வாட்ச் வாங்கலாமா என்று அங்கே கேட்டவருக்கு: எண் காட்டும் வாட்ச் இதற்கு உதவாதுங்க.

இப்போ 3:50 சரியா சொல்றா. "நாலுக்கு இன்னும் எத்தனை நிமிஷம்?" என்றால்தான் முழிக்கிறா. அதற்கு ஏதாவது விளையாட்டு இருக்கா?