பின்னறைக்கு ஒன்றா, ஒன்றரையா?

*குழு: அப்பத்தா வீடு, மதுரை*

திருநகர் அத்தை: கவிதா 20ஆம் தேதி பிரசவத்துக்கு வருகிறாள். பின்னறைக்கு ஏசி வாங்கணும். கடையில் ஒரு டன்னா, ஒன்றரையா என்று கேட்கிறார்கள்.

சித்தப்பா: அறை எத்தனைக்கு எத்தனை?

திருநகர் அத்தை: 12க்கு 11

குமார்: 132 சதுர அடி. 120 வரை ஒரு டன், தாண்டினால் ஒன்றரை. அவ்வளவுதான்.

பெரியம்மா: எங்கள் அறை 140. ஒரு டன்தான். மே மாதத்திலும் போர்வை இல்லாமல் தூங்க முடியாது.

சித்தப்பா: அண்ணி, உங்களுக்கு மேலே இன்னொரு வீடு இருக்கிறது, சுவரில் வெயிலே படாது. அத்தை வீட்டுப் பின்னறைக்கு மேலே மொட்டை மாடி, ஜன்னல் மேற்கே. குமார், சதுர அடி மட்டும் பார்த்தால் இந்த வித்தியாசம் தெரியாது. அக்கா, ராத்திரி 9 மணிக்கு ஸ்டூலில் யாரையாவது ஏற்றி, உட்கூரையில் கை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பகலில் குடித்த வெயிலைக் காங்கிரீட் அப்போதுதான் உள்ளே விடும்.

குமார்: வைத்தேன். தோசைக்கல் மாதிரி இருக்கிறது.

மாமா: அப்போதே மேலே தட்டோடு பதிக்கச் சொன்னேன். யார் கேட்டீர்கள்?

திருநகர் அத்தை: அந்தப் பேச்சு இப்போது வேண்டாம்

கவிதா: அம்மா, என் நீலப் பெட்டி அங்கேதானே இருக்கு?

சித்தப்பா: எத்தனை பேர் படுப்பீர்கள்?

திருநகர் அத்தை: நான், கவிதா, அப்பத்தா, அப்புறம் குழந்தை. குழந்தையும் கணக்கில் வருமா?

சித்தப்பா: முழு ஆளாகவே வையுங்கள். அறைக் கணக்கிலேயே இரண்டு பேர் அடக்கம். அதற்கு மேல் ஆளுக்கு மணிக்கு 600 பிடியூ வெப்பம். இரண்டு பேருக்கு 1200. ஒரு டன் ஏசி மணிக்கு 12,000 பிடியூ இழுக்கும், இது அதில் பத்தில் ஒரு பங்குதான். ஆட்களைவிடக் கூரைதான் பெரிய சுமை. மொட்டை மாடிக்குக் கீழே நான் 100 சதுர அடிக்கு ஒரு டன் வைப்பேன். 132க்கு 1.3, ஆட்களுக்கு 0.1. ஆக 1.4. ஒரு டன் போட்டால் மாலை 4 மணிக்குக் கம்ப்ரசர் நிற்காமல் ஓடும், அறை 28க்குக் கீழே இறங்காது.

மாமா: அப்படியானால் 2 டன்னே போடுங்கள், சீக்கிரம் குளிரும்.

சித்தப்பா: காற்று சட்டென்று குளிர்ந்து கம்ப்ரசர் நின்றுவிடும் மாமா. ஈரத்தை இழுக்க நேரம் இருக்காது. சில்லென்று பிசுபிசுப்பாக இருக்கும். இன்வெர்ட்டர் என்றால் வேகத்தைக் குறைத்து ஓடும், அதற்கும் ஓர் அளவு உண்டு.

பெரியம்மா: பச்சைக் குழந்தைக்கு ஏசியே ஆகாது என்பேன் நான்.

கவிதா: பெரியம்மா 🙏

குமார்: மாடியில் வெள்ளைப் பெயின்ட் அடித்தால் ஒரு டன் போதாதா?

சித்தப்பா: சூடு நன்றாகக் குறையும். ஆனால் மேற்கு ஜன்னல் அப்படியே இருக்கிறதே. வெளியே தட்டி கட்டினால் யோசிக்கலாம்.

மாமா: தட்டி நான் கட்டித் தருகிறேன்.

திருநகர் அத்தை: சரி, ஒன்றரை என்றே சொல்லிவிடவா? கடையை மூடிவிடுவார்கள்.

சித்தப்பா: பின்னறையில் 16 ஆம்பியர் பிளக் இருக்கிறதா?

குமார்: மிக்ஸி பிளக்தான் இருக்கிறது.