‘செர்ட்டன்டி ஈக்குவேலன்ட்’: தமிழில் எப்படிச் சொல்வது?

மாலதி (கோலாலம்பூர்):
வணக்கம். நிதி மேலாண்மைக் கையேட்டின் வரைவில் ஒரு சொல் இடிக்கிறது. இடருள்ள திட்டத்தை மதிப்பிட இரண்டு வழி. தள்ளுபடி வீதத்தை உயர்த்துவது ஒன்று. அதற்கு ‘இடர் சேர்த்த தள்ளுபடி வீதம்’ என்று போட்டுவிட்டோம், சிக்கலில்லை. வீதத்தைத் தொடாமல் வரவையே குறைத்துக்கொள்வது இன்னொன்று. அந்தக் குறைத்த வரவுக்கு ‘உத்தரவாதத் தொகை’ என்று யாரோ எழுதியிருக்கிறார்கள். சரியா?

குணா (பிறை):
உத்தரவாதம் என்றால் பேங்க் கேரண்டிதானே ஞாபகம் வருது. எனக்கு இப்போ அதே மாதிரி ஒரு விஷயம் ஓடுது. பிளாஸ்டிக் உதிரிப்பாகம் அச்சு வார்க்கிறோம். புது மெஷின் போட்டால் வருஷத்துக்குச் சராசரி 45,000 ரிங்கிட் நிற்கும்; ஒரு வருஷம் 30,000, இன்னொரு வருஷம் 60,000. ஒரு வாடிக்கையாளர் வருஷம் 40,000 நிலையா தர்றேன், மூணு வருஷ ஒப்பந்தம் போடுங்கன்னு கேட்கிறார். அந்த 40,000தான் நீங்க சொல்றதா?

சேகர் (ஜார்ஜ் டவுன்):
கிட்ட வந்துட்டீங்க குணா. ஆனால் அவர் தருவதாகச் சொன்ன தொகை அல்ல, எந்தத் தொகையில் உங்களுக்கு இரண்டும் ஒன்றுதான் என்று தோன்றுகிறதோ அதுதான். 40,000-க்குத் துள்ளிக் குதித்துக் கையெழுத்துப் போடுவீர்களென்றால் உங்கள் தொகை அதற்கும் கீழே. 42,000 கேட்டு முறுக்கினால் மேலே. அவர் பணம் கட்டாமல் போகும் இடரும் உண்டு என்பதால் அந்த ஒப்பந்தமே முழு நிச்சயம் இல்லை. அதனால் மாலதி, ‘உத்தரவாதம்’ வேண்டாம். யாரும் எதையும் தருவதாக ஒப்புக்கொள்ளவில்லையே. ‘நிச்சய நிகர்த் தொகை’ என்று வைக்கலாம்.

பிரகாஷ் (கோலாலம்பூர்):
சொல் எதுவானாலும் விடை ஒன்றுதானே? வேலை செய்யும் இடத்தில் 10% போட்டு முடித்துவிடுகிறோம். ரொம்பப் பயமாக இருந்தால் வரவையும் கொஞ்சம் குறைத்துக்கொள்வோம்.

சேகர்:
விடையை ஒன்றாக்க முடியும் என்பது சரி. ‘கொஞ்சம் குறைத்துக்கொள்வோம்’ என்கிற இடத்தில்தான் கணக்கு கெடுகிறது. குணாவின் மெஷின் விலை 100,000 என்று வையுங்கள், மூன்று ஆண்டும் 45,000. 10% வீதத்தில் நிகர மதிப்பு ஏறக்குறைய 11,900 ரிங்கிட். இடரில்லா வீதம் 4% என்று கொண்டால் (இங்கே அரசாங்கப் பத்திர வீதத்தை எடுப்பது வழக்கம்), இதே விடை வர ஒவ்வோர் ஆண்டின் வரவையும் எதனால் பெருக்க வேண்டும்?

```
a_t = (1.04 / 1.10)^t
a_1 = 0.945   a_2 = 0.894   a_3 = 0.845
```

அதாவது 42,545, 40,225, 38,031. இவற்றை 4% வீதத்தில் தள்ளுபடி செய்தால் அதே 11,900 வரும். ஆனால் குறைத்த வரவை மறுபடி 10% வீதத்தில் போட்டால் மிஞ்சுவது சுமார் 500 ரிங்கிட்தான். ஒரே இடருக்கு இரண்டு முறை வெட்டு. நல்ல திட்டம் இப்படித்தான் கோப்போடு மூடப்படும்.

இன்னொன்றும் அந்த எண்களில் தெரிகிறது. ஒரே 10% என்றால் இடர் ஆண்டுக்கு ஆண்டு ஒரே விகிதத்தில் பெருகிக்கொண்டே போகிறது என்று நீங்கள் சொல்லாமலே சொல்லிவிடுகிறீர்கள். குணாவுக்கு அப்படியா? மெஷின் ஓடுமா, சரக்கு தரச்சோதனையில் தேறுமா என்பதெல்லாம் முதல் ஆண்டிலேயே தெரிந்துவிடும் என்றால் 0.90, 0.89, 0.88 என்று போடுவதே பொருத்தம். ஒற்றை வீதத்தால் அதைக் காட்ட முடியாது.

மாலதி:
செலவாக இருந்தால்? மூன்றாம் ஆண்டு முடிவில் கழிவை அகற்றும் செலவு 20,000 என்று ஒரு பயிற்சி இருக்கிறது. எவ்வளவு ஆகும் என்று உறுதியில்லை.

சேகர்:
அதுதான் பலரும் வழுக்கும் இடம். 4% வீதத்தில் அதன் இன்றைய மதிப்பு 17,780. இடர் அதிகம் என்று 10% போட்டால் 15,026. இடர் கூடக்கூடச் செலவு சிறுத்துக் காட்டுகிறது! நிகர்த் தொகையில் யோசித்தால் இந்தத் தவறு வராது. அந்தத் தலைவலியிலிருந்து விடுபட நிச்சயமாக எவ்வளவு கொடுத்துவிடுவீர்கள்? 23,000 என்றால் அதை 4% வீதத்தில் போடுங்கள், 20,447. வருவாயில் பெருக்கி ஒன்றுக்குக் கீழே, இத்தகைய செலவில் ஒன்றுக்கு மேலே. தொழில் நன்றாக ஓடும்போது மட்டும் ஏறும் செலவு என்றால் வேறு கதை, அதைக் கையேட்டில் தனியாகப் பேசுங்கள்.

பிரகாஷ்:
ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 0.90, 0.89 எல்லாம் யார் சொல்வது? 10% என்றால் நிறுவனத்தின் மூலதனச் செலவைக் காட்டி நிற்கலாம். இதைப் போர்டு கூட்டத்தில் கொண்டுபோனால் ‘உன் மனக்கணக்கா?’ என்பார்கள்.

சேகர்:
நியாயமான கேள்விதான். பொருளுக்கு முன்பேர விலை இருந்தால் அதுவே நிகர்த் தொகை. செம்பனை எண்ணெய்க்குக் கோலாலம்பூர்ச் சந்தையிலேயே கிடைக்கும். குணாவின் உதிரிப்பாகத்துக்கு அப்படி ஒன்று இல்லை.

குணா:
அப்போ நான் 41,500 கேட்டுப் பார்க்கிறேன்.

மாலதி:
‘நிச்சய நிகர்த் தொகை’ என்று வைத்துக்கொள்கிறேன். பெருக்கிக்கு ‘நிச்சயக் குணகம்’ சரியா, ‘நிகர்க் குணகம்’ சரியா? கணிதம் படிப்பிப்பவர்கள் யாராவது சொல்லுங்கள்.