புதுப்பிப்பு: துளை போடாமல் திரைச்சீலை மாட்டியாச்சு

என் கேள்வி: "வாடகை வீடு, துளை போடக்கூடாது, கையில் காசும் குறைவு. ஜன்னலுக்குத் திரை எப்படி மாட்டுவது?"

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. கைகொடுத்தது, ஜன்னல் குழிவுக்குள் இறுக்கி நிறுத்தும் ஸ்பிரிங் கம்பி. குழிவின் அகலத்தைவிடக் கம்பியைச் சற்று நீளமாகத் திருகி, அழுத்தி உள்ளே நுழைத்தால் இரு முனை ரப்பரும் பக்கச் சுவரைப் பிடித்துக்கொள்கின்றன. மெல்லிய பருத்தித் திரைக்கு அசையவில்லை. கனத்த திரை போட்டதும் கம்பி நடுவில் தொய்ந்து, ஒரு முனை மெல்ல இறங்கியது. திரை கனமாக இருந்தால் தடித்த கம்பி வேண்டும்.

ஒட்டும் கொக்கி வாங்கச் சொன்னவர் பாதி சரி. சமையலறை டைலில் கச்சிதம். ஹால் சுவரில் பெயிண்டோடு பெயர்ந்து வந்தது. காரணத்தை இன்னொருவர் முன்பே சொல்லியிருந்தார்: சுவரை உள்ளங்கையால் தேய்த்துப் பாருங்கள், வெள்ளைப் பொடி ஒட்டினால் பசை பிடிப்பது பொடியைத்தான், சுவரை அல்ல. தேய்த்தேன், கை வெளுத்தது.

துளையை எப்படிப் பூசி மறைப்பது என்று நீளமாக விளக்கிய நண்பரே, துளையே இல்லையே!

ரப்பர் முனை நாளடைவில் சுவரில் கறை விடுமா தெரியவில்லை. இப்போதைக்கு இடையில் அட்டைத் துண்டு வைத்திருக்கிறேன்.