கெயின் திருப்பினா கரகர, இன்னொரு சேனல்ல சத்தம் திடீர்னு படுத்துக்குது, ஸ்ப்ரே அடிச்சா சரியாகுமா?

கடைமடை குமார்:
அண்ணன்மார்களுக்கு வணக்கம். திருத்துறைப்பூண்டி பக்கம் சின்னதா மைக்செட் வச்சிருக்கோம், அப்பா காலத்துல இருந்து ஓடுது. பன்னெண்டு சேனல் அனலாக் மிக்ஸர் ஒண்ணு, செகண்ட்ஸ்ல வாங்குனது. ஐப்பசி கார்த்திகையில வேலை இல்லாம கொட்டகையிலயே கெடந்துச்சு, பக்கத்துல நெல்லு மூட்டை அடுக்கி வச்சிருந்தாங்க, தூசியும் ஈரமும் சொல்லவே வேணாம். இப்ப தை பொறந்ததும் கல்யாண ஆர்டர் வருதேன்னு எடுத்துப் போட்டா ரெண்டு கோளாறு. மூணாவது சேனல்ல கெயினைத் திருப்பினா கரகரகரன்னு ஸ்பீக்கரே கிழியுற மாதிரி வருது. அஞ்சாவது சேனல்ல கை வைக்காமயே சத்தம் திடீர்னு பாதியா கொறையுது, மேல தட்டினா திரும்ப வருது, சில சமயம் டப்புனு வருது. ரெண்டுமே தூசிதான்னு நெனைக்கிறேன். என்ன ஸ்ப்ரே அடிக்கணும், எங்க அடிக்கணும்? நோட்டீஸ் அடிச்ச கல்யாணம், ரொம்ப நாள் இல்ல.

வால்வு ரேடியோ மாமா:
தம்பி இதுக்கெல்லாம் பெரிய வைத்தியம் எதுக்கு. பைக் கடையில துருவுக்கு அடிப்பாங்களே அந்த ஸ்ப்ரேய வாங்கி குமிழுக்குக் கீழ இருக்குற பாட் ஓட்டையில ஒரு அடி, நல்லா இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் திருப்பு, போயிடும். திருப்புறதுதான் முக்கியம், அடிச்சுட்டு சும்மா விட்டா அழுக்கு அங்கயேதான் இருக்கும். ஜாக்குக்கு உப்புத்தாள சுருட்டி உள்ள விட்டுத் தேய். நான் காலங்காலமா இப்படித்தான் செய்யறேன்.

நாகை பெஞ்ச்:
மாமா சொன்னதுல திருப்புறது நூத்துக்கு நூறு சரி, மத்த ரெண்டும் வேணாம். துரு ஸ்ப்ரேயில எண்ணெய் இருக்கு, அடிச்ச அன்னைக்கு கரகரப்பு போயிடும், அதான் எல்லாரும் நம்பிடறாங்க, ஆனா அந்த எண்ணெய் உள்ளயே தங்கி, நெல்லுத் தூசி பறக்குற இடத்துல அப்படியே பிடிச்சு வச்சுக்கும், கொஞ்ச நாள்ல முன்னவிட மோசமா வரும். உப்புத்தாள் போட்டா ஜாக் காண்டாக்ட் மேல இருக்குற முலாம் போயிடும், அப்புறம் நம்ம கடல் காத்துக்கு ஒரு மழைக்காலம் தாங்காது.

குமார் தம்பி, எதையும் அடிக்கறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் பாத்துச் சொல்லுங்க. மூணாவது சேனல்ல கரகரப்பு திருப்பும்போது மட்டும் வருதா, இல்ல விட்டுட்டு நின்னாலும் லேசா பொரியுதா? இன்னொண்ணு, ஃபாண்டம் பவர் போட்டு வச்சிருக்கீங்களா?

அஞ்சாவது சேனல் பாட் கோளாறே இல்லன்னு நெனைக்கிறேன். கை படாம சத்தம் கொறைஞ்சு, தட்டினா வருதுன்னா அது அந்த சேனலோட இன்சர்ட் ஜாக்.

கடைமடை குமார்:
இன்சர்ட்டா? அதுல நாங்க எதுவும் சொருகுறதே இல்லண்ணே, பின்னாடி சும்மா கெடக்கு. ஃபாண்டம் போட்டுத்தான் இருக்கு, கோயில்ல பஜனைக்கு ஒரு கண்டென்சர் மைக் வைப்போம், அதுக்காகப் போட்டது, அப்படியே கெடக்கும். மிக்ஸர்ல மொத்தத்துக்கும் ஒரே சுவிட்ச்தான்.

காரைக்கால் கிட்டார்:
எனக்கும் இதே பிரச்சினை ப்ரோ! டிஸ்டார்ஷன் பெடல்ல இன்புட் ஜாக் கரகரங்குது, கேபிள ஆட்டினா லைட் அணைஞ்சு அணைஞ்சு எரியுது. பாட்டுக்குள்ள ஐபிஏ ஆல்கஹால் விட்டேன், வால்யூம் பாட்டு, டோன் பாட்டு எல்லாம் விட்டாச்சு, ஒண்ணும் ஆகல. பாட் மாத்தணுமா?

நாகை பெஞ்ச்:
காரைக்கால் தம்பி, லைட்டே அணையுதுன்னா பாட்டுக்கு அதுல என்ன வேலை, பவரே போகுது. பேட்டரியில ஓட்டுறீங்களா? பெடல் இன்புட்ல இருக்குறது பெரும்பாலும் ஸ்டீரியோ ஜாக், நீங்க மோனோ பின்ன சொருகும்போது ரிங் காண்டாக்ட் வழியாத்தான் பேட்டரியோட மைனஸ் கிரவுண்டுக்குப் போகும். அந்த ரிங் அழுக்கா இருந்தா, இல்ல தளந்து போயிருந்தா லைட் விட்டு விட்டு எரியும். அடாப்டர்ல போட்டுப் பாருங்க, அதுல ஒழுங்கா ஓடி பேட்டரியில மட்டும் வந்தா ரிங்தான். அடாப்டர்லயும் வந்தா ஜாக்குல இருந்து போர்டுக்குப் போற ஒயர் சால்டர் விட்டிருக்கும்.

குமார், இன்சர்ட் சும்மா கெடக்குறதாலதான் இந்தக் கோளாறே. உள்ள ஒரு சின்ன சுவிட்ச் காண்டாக்ட் இருக்கு. எதுவும் சொருகாதப்போ மைக் சத்தம் அந்தக் காண்டாக்ட் வழியாத்தான் ஃபேடருக்குப் போகும். யாரும் பின் சொருகி எடுக்காததால அது ஒருதரம்கூட உரசாம வருசக்கணக்கா மூடியே இருக்கும், மேல கருப்பு ஏறிடும். இத உறுதி பண்ண மிக்ஸரத் தொறக்கவே வேணாம். ஒரு பி38 ஸ்டீரியோ பின் வாங்கி, உள்ள டிப்பையும் ரிங்கையும் ஒரு சின்ன ஒயரால சேத்து சால்டர் வைங்க, கிரவுண்ட் கால சும்மா விடுங்க. அத அஞ்சாவது இன்சர்ட்ல முழுசா சொருகுங்க. இப்ப சத்தம் சுவிட்ச் காண்டாக்ட்ட நம்பாம பின் வழியாப் போகும். தட்டினாலும் கொறையாம நின்னா ஆள் பிடிபட்டாச்சு. டிப்பு செண்டா ரிங்கு செண்டான்னு மண்டையக் கொடையாதீங்க, ரெண்டையும் சேத்துட்டதால எப்படி இருந்தாலும் ஓடும்.

மூணாவதுக்கு: மெயின் ஃபேடர முழுசா எறக்குங்க, ஃபாண்டம ஆஃப் பண்ணுங்க, ரெண்டு மூணு நிமிசம் விடுங்க, உடனே பாத்தா உள்ள கெபாசிட்டர்ல இன்னும் சார்ஜ் இருக்கும். அப்புறம் சாதா டைனமிக் மைக்க போட்டு, ஹெட்போன்ல கேட்டுக்கிட்டே கெயின திருப்புங்க. ஸ்பீக்கர்ல கேக்க வேணாம்.

வால்வு ரேடியோ மாமா:
ஃபாண்டமுக்கும் கரகரப்புக்கும் என்ன சம்பந்தம்? பாட்டுன்னா கார்பன் தேஞ்சா கரகரங்கும், அவ்வளவுதான்.

நாகை பெஞ்ச்:
கார்பன் தேஞ்சாலும் வரும் மாமா, மறுக்கல. ஆனா பாட்டுல டிசி ஏறினாலும் அதே சத்தம்தான் வரும், காதால பிரிக்க முடியாது. மைக் இன்புட்ல ஃபாண்டமோட 48 வோல்ட் உள்ள ஆம்ப் பக்கம் போயிடாம தடுக்க ரெண்டு எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் இருக்கும். பழசாயி லேசா கசிய ஆரம்பிச்சா டிசி உள்ள போகும், கெயின் பாட் திருப்பும்போது அந்த டிசி எகிறி எகிறி குதிக்கும், அதையே ப்ரீஆம்ப் பல மடங்காக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும். புது பாட் போட்டாலும் கரகரங்கும். பாட் மாத்திட்டு, மறுபடி மாத்திட்டு, கடைசியில மிக்ஸரையே தலையில அடிச்சுக்கிட்டு வித்தவங்கள எனக்குத் தெரியும். எல்லா மிக்ஸர்லயும் இது இப்படியே நடக்கும்னு சொல்லல, சிலதுல பாட்டுக்குத் தொடர்ச்சியா இன்னொரு கெபாசிட்டர் நிக்கும், அதுல பொரியுற சத்தமா மட்டும் வரும்.

கடைமடை குமார்:
அண்ணே பாத்துட்டேன். அஞ்சாவதுக்கு அந்தப் பின் மந்திரம் மாதிரி வேலை செஞ்சுது, மேல குத்தினாலும் சத்தம் ஆடல. அப்ப அதோட விட்டுடலாமா, பின்ன அப்படியே சொருகி வச்சு கல்யாணத்த ஓட்டிடவா?

மூணாவதுல ஃபாண்டம் ஆஃப் பண்ணி விட்டுட்டுப் பாத்தேன், பெரிய கரகரப்பு போயிடுச்சு. ஆனா முழுசா இல்ல, மேல ஏத்தி குமிழ் ரெண்டு மணி முள்ளு வாக்குல வரும்போது ஒரு எடத்துல மட்டும் லேசா சிர்ருங்குது. ஃபாண்டம் திரும்பப் போட்டா பழையபடி.

நாகை பெஞ்ச்:
ஓட்டலாம், ஆனா யாராவது காலால தட்டினா பின் பாதி வெளிய வந்து நடு மேடையில சேனலே போயிடும். தொடைச்சிடுங்க, பெரிய வேலை இல்ல.

மெயின் ஒயர உருவிட்டு செய்யணும். செல்போன் சர்வீஸ் பண்றவங்ககிட்ட ஐபிஏ கேளுங்க, 99 சதவீதம்னு போட்டிருக்கணும். மெடிக்கல்ல கிடைக்கிற ஸ்பிரிட்ல தண்ணி இருக்கும், அது வேணாம். இல்ல எலக்ட்ரானிக்ஸ் கடையில காண்டாக்ட் க்ளீனர்னே கேளுங்க, எண்ணெய் விடாம காயுற வகை. இன்சர்ட் ஓட்டைக்குள்ள ஸ்ட்ரா வழியா ரெண்டு பொட்டு விட்டு, பின்ன சொருகி உருவி, சொருகி உருவி இருபது முப்பது தடவை செய்யுங்க. பின் உள்ள போகும்போது சுவிட்ச் காண்டாக்ட் தொறக்கும், வெளிய வரும்போது மூடும், அந்த மூடித் தொறக்குற உரசல்லதான் கருப்பு போகும். கையோட எல்லா இன்சர்ட்டுக்கும் இதையே செஞ்சிடுங்க, ஒண்ணு இப்படின்னா மத்ததும் வரிசையில நிக்கும். அரை மணி காய விட்டுட்டு ஆன் பண்ணுங்க. பின்ன எடுத்துட்டு தட்டிப் பாருங்க. அப்பவும் வந்தா ஜாக்கு கால் சால்டர் கீறியிருக்கும், பின்ன சொருகி பக்கவாட்டுல லேசா ஆட்டினா பொரியும், அதுக்கு தொறந்துதான் ஆகணும்.

மூணாவது சேனல் ரெண்டு கோளாறு கலந்தது போல தெரியுது. ஒரே எடத்துல சிர்ருங்கறது அழுக்கு, இல்ல கார்பன் தேஞ்ச எடம். குமிழ உருவிட்டு அச்சு ஓரமா ஒரு பொட்டு, முடிஞ்சா போர்டு பக்கம் கால்கள் போற சந்துல ஒரு பொட்டு ஐபிஏ, அப்புறம் மாமா சொன்ன மாதிரி கடைசிக்குக் கடைசி திருப்புங்க. நிறைய ஊத்தாதீங்க, உள்ள இருக்குற கிரீஸ் கரைஞ்சு ஓடிடும், குமிழ் லொடலொடன்னு ஆயிடும். ஃபேடருக்கு இத செய்யாதீங்க, அதுக்கு ஃபேடர் க்ளீனர்னு தனியா இருக்கு. தொடைச்ச பிறகும் அதே எடத்துல வந்தா தேய்மானம்தான், அழுக்கு இல்ல.

பெரிய கரகரப்புக்கு மருந்து தொடைக்கிறது இல்ல. மைக் சாக்கெட் பக்கத்துல மூணாவது சேனலுக்கு ரெண்டு எலக்ட்ரோலிட்டிக் இருக்கும், பெரும்பாலும் 47 மைக்ரோ 63 வோல்ட். அதையே போட்டு மாத்தணும், 63க்குக் கீழ போடாதீங்க. கழட்டறதுக்கு முன்னாடி எந்தக் கால் எந்தப் பக்கம்னு போட்டோ எடுங்க, 48 வோல்ட் வர்ற பக்கம்தான் பிளஸ்.

கடைமடை குமார்:
கெபாசிட்டர் மாத்துற அளவுக்கு கை வராதுண்ணே, கல்யாணம் முடிஞ்சு பாக்குறேன். அதுவரைக்கும்?

நாகை பெஞ்ச்:
அதுவரைக்கும் கல்யாணத்துல கண்டென்சர் மைக் வேணாம், டைனமிக்கே போதும், ஃபாண்டம ஆஃப்ல வைங்க. கண்டென்சர் கண்டிப்பா வேணும்னா மூணாவது சேனல விட்டுட்டு வேற சேனல்ல போட்டு, கெயின முன்கூட்டியே வச்சுட்டு நிகழ்ச்சி நடுவுல தொடாதீங்க.

வால்வு ரேடியோ மாமா:
எனக்கு இன்னும் ஒத்துக்க மனசு வரல, ஆனா ஃபாண்டம் ஆஃப் பண்ணதும் கொறைஞ்சதுன்னா ஏதோ இருக்கு. என் கடையில ஒரு பழசு கெடக்கு, ரெண்டு சேனல் கெயின் கரகரங்குது, ஃபாண்டமே கெடையாது அதுல. அதுக்கு என்ன சொல்ற நீ?

நாகை பெஞ்ச்:
அதுல கெயின் பாட்டோட ரெண்டு கால்லயும் மீட்டர் வச்சு, ஆன்ல, டிசி மில்லிவோல்ட்ல பாருங்க மாமா. ஒண்ணு ரெண்டு மில்லி காட்டினா தொடைச்சாப் போயிடும். பத்து இருபதுன்னு ஏறிக்கிட்டே போனா சொல்லுங்க, எந்த கெபாசிட்டர்னு தேடுவோம்.

காரைக்கால் கிட்டார்:
அடாப்டர் போட்டுப் பாத்தேன், லைட் நிக்குது, ஆனா கேபிள ஆட்டினா கரகர இன்னும் வருது. இது ரிங்கா, சால்டரா?