செல்ஃப் அசெஸ்மென்ட் மெயில்: பிரேக்டவுன் 33% குறைந்தது என்று எழுதலாமா?

ஓசூர் ஸ்பேனர்
ஓசூர் பக்கம் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் மெயின்டெனன்ஸ் இன்ஜினியரா நாலு வருஷமா இருக்கேன். என் பொறுப்பில் 10 வி.எம்.சி. மெஷின். பழுதாகறதுக்கு முன்னாடியே செய்யற பராமரிப்பு, அதாவது பி.எம்., அதுவும் என் வேலைதான். அடுத்த வாரம் அப்ரைசல். அதுக்கு முன்னாடி, இந்த வருஷம் என்ன செஞ்சேன்னு ஆதாரத்தோட ஒரு மெயில் போடச் சொல்லியிருக்காங்க. வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

முதல் வரியா இதைத்தான் எழுதி வச்சிருக்கேன்: "நான் மாற்றியமைத்த பி.எம். அட்டவணையால் பிரேக்டவுன் நேரம் 2023-24இல் 720 மணியிலிருந்து 2024-25இல் 480 மணியாக, அதாவது 33% குறைந்தது." ரெண்டு வருஷத்து பிரேக்டவுன் ஸ்லிப்பும் கையில் இருக்கு. ஆனா போன வருஷம் இதே மாதிரி ஒரு நம்பர் போட்டதுக்கு மேனேஜர் "சரி, பார்க்கலாம்"னு சொல்லி அடுத்த பக்கம் போயிட்டார். எங்க தப்பு?

சேலம் சித்தப்பு
தம்பி, மணிக்கணக்கு மேல இருக்கறவங்களுக்குப் புரியாது, ரூபாய்ல சொல்லு. 240 மணி மிச்சம் பண்ணியிருக்க. உங்க மெஷினுக்கு மணிக்கு ரேட் 600 ரூபாய்னு வச்சுக்கோ, 1,44,000 ரூபாய். அதை முதல் வரியில போட்டுப் பாரு, அப்புறம் அடுத்த பக்கம் போக மாட்டார்.

ரிட்டயர்டு ஃபோர்மேன்
சித்தப்பு சொல்றதுல பாதி சரி. ரூபாய்க்கு அப்புறம் வர்றேன். தம்பி, முதல்ல ரெண்டு கேள்வி. ரெண்டு வருஷமும் மெஷின் ஒரே அளவு ஓடுச்சா? ஸ்லிப் எத்தனை, அதாவது எத்தனை தடவை நின்னுது?

காலையில் காபி
எத்தனை பர்சென்ட் ஹைக் கேட்கப் போறீங்க? நாலு வருஷத்துக்கு 20க்குக் குறைஞ்சு ஒத்துக்காதீங்க.

ஓசூர் ஸ்பேனர்
காபி அண்ணா, சம்பளம் அப்புறம். இப்ப மெயில்தான்.

ஃபோர்மேன் சார், நீங்க கேட்டதும்தான் உறைச்சுது. அக்டோபர்ல ஆர்டர் குறைஞ்சு மூணாவது ஷிப்ட்டை நிறுத்திட்டாங்க. மூணு ஷிப்ட்னா ஒரு மெஷினுக்கு மாசம் 600 மணி, ரெண்டுன்னா 400. போன வருஷம் மொத்த ஓட்டம் 72,000 மணி, இந்த வருஷம் 60,000. ஸ்லிப் போன வருஷம் 240, இந்த வருஷம் 200.

ரிட்டயர்டு ஃபோர்மேன்
அதான் விஷயம். ஓடாத மெஷின் எப்படிப் பழுதாகும்? மேனேஜருக்கு ஷிப்ட் நின்னது தெரியும். உங்க 33%ஐப் பார்த்ததும் மனசுக்குள்ள கழிச்சிருப்பார். போன வருஷமும் இப்படி ஏதாவது இருந்திருக்கும், யோசிச்சுப் பாருங்க.

ஆயிரம் மணி ஓட்டத்துக்குக் கணக்குப் போடுங்க. போன வருஷம் 10 மணி பிரேக்டவுன், இந்த வருஷம் 8. 20% குறைஞ்சிருக்கு. சின்ன நம்பர்தான், ஆனா யாரும் அசைக்க முடியாது.

இன்னொண்ணு கசப்பா இருக்கும். நின்ன தடவைகளை அதே மாதிரி வகுத்தா ரெண்டு வருஷமும் ஆயிரம் மணிக்கு 3.3. மெஷின் முன்ன மாதிரியேதான் நிக்குது. அப்ப பி.எம். அட்டவணையால குறைஞ்சதுன்னு எழுத முடியாது. பி.எம். வேலை செஞ்சிருந்தா நிக்கற தடவை குறையணும். உங்ககிட்ட குறைஞ்சிருக்கறது, ஒரு தடவை நின்னா சரி பண்ண ஆகற நேரம், 3 மணியிலிருந்து 2.4. அந்த முன்னேற்றம் எங்கிருந்து வந்துச்சு? அதைச் சொல்லுங்க, அதுதான் உங்க மெயில்.

லேப் மேடம்
நான் ஆஸ்பத்திரி லேப் சூப்பர்வைசர், மெஷின் பத்தி ஒண்ணும் தெரியாது. ஆனா இதே அடி வாங்கினேன். ரிப்போர்ட் கொடுக்கற நேரம் பாதியாக் குறைஞ்சதுன்னு பெருமையா எழுதினேன். "அது புது அனலைசர் வந்ததால, நீங்க என்ன பண்ணீங்க?"ன்னு கேட்டாங்க. ராத்திரி ஷிப்ட்டுக்கு சாம்பிள் எடுத்துட்டு வர ஆள் மாத்தினது நான்தான், அதுக்கு ஒரு காகிதம்கூட வச்சுக்கலை.

ஓசூர் ஸ்பேனர்
நேத்து ராத்திரி ஸ்லிப்பை எல்லாம் கொட்டி உட்கார்ந்தேன். எங்க ஸ்லிப்ல தகவல் வந்த நேரம், ஆள் போன நேரம், ஸ்பேர் வந்த நேரம், முடிச்ச நேரம்னு நாலு கட்டம் இருக்கு. வேலை செய்யற நேரம் பெரிசா மாறலை. ஸ்பேருக்குக் காத்திருக்கற நேரம்தான் குறைஞ்சிருக்கு. ஜூலைல அடிக்கடி போகற சாமான்களுக்கு ஒரு பட்டியல் போட்டு, ஸ்டோர்ஸ்ல குறைஞ்சபட்ச இருப்பு வைக்கணும்னு இன்டென்ட் போட்டேன். சென்சர், சீல் கிட், ஒரு ஸ்பேர் ஸ்பிண்டில். அதை நான் சாதனைன்னே நினைக்கலை, மெயில்ல எழுதவும் இல்லை.

எக்செல் எலி
ஒரு நிமிஷம். போன வருஷ 720ல ஏதாவது ஒரே ஸ்லிப் பெரிய நேரம் தின்னிருக்கா? சராசரியை ஒரே ஒரு ஸ்லிப் கெடுத்துடும்.

ஓசூர் ஸ்பேனர்
இருக்கு. 2024 பிப்ரவரியில ஒரு மெஷின் ஸ்பிண்டில் போய் 96 மணி நின்னுது. சாமான் வெளியூர்ல இருந்து வரணும்.

எக்செல் எலி
அதை எடுத்துட்டா போன வருஷ சராசரி 2.6 மணி. 2.4க்கு வந்தது வெறும் 8%. 20%ன்னு சொல்றது சரியில்லை.

ரிட்டயர்டு ஃபோர்மேன்
எலி, கணக்கு சரி. ஆனா அதை ஏன் எடுக்கணும்? ஸ்டோர்ஸ்ல ஸ்பிண்டில் இல்லாததாலதானே 96 மணி ஆச்சு! தம்பி, இந்த வருஷம் ஸ்பிண்டில் எதுவும் போகலையா?

ஓசூர் ஸ்பேனர்
ஜனவரியில இன்னொரு மெஷின்ல போச்சு. ஸ்டோர்ஸ்ல இருந்ததை எடுத்து 9 மணியில மாட்டிட்டோம்.

ரிட்டயர்டு ஃபோர்மேன்
அடப்பாவி, இதை விட்டுட்டு 33%ன்னு எழுதறியே! இதுதான் முதல் வரி. ரெண்டு ஸ்லிப், ஜூலை இன்டென்ட், ஜனவரி ஸ்டோர்ஸ் இஷ்யூ ஸ்லிப், நாலையும் ஸ்கேன் பண்ணி மெயிலோட சேர்.

இப்ப ரூபாய். சித்தப்பு கணக்கு எங்க உடையும்னா, ஆர்டர் குறைஞ்ச காலத்துல மெஷின் மிச்ச நேரம் சும்மாதான் இருக்கு. மிச்சம் பண்ணின மணியில எதுவும் கூட விக்கலை. அக்கவுன்ட்ஸ் ஆள் அந்த 1,44,000ஐ ஒத்துக்க மாட்டார். ஸ்பிண்டில் வாங்கின காசையும் கழிக்கச் சொல்வார். மணியோட நிறுத்திக்கோ.

சேலம் சித்தப்பு
சரி, ஃபோர்மேன் சொன்னா கேட்டுக்கறேன். ஆனா எங்க கம்பெனியில ரூபாய் இல்லாத வரியை யாரும் படிக்க மாட்டாங்க.

ஓசூர் ஸ்பேனர்
இப்படி மாத்திட்டேன், பாருங்க:

"2024 பிப்ரவரியில் ஸ்பிண்டில் பழுதால் ஒரு மெஷின் 96 மணி நின்றது. ஜூலையில் அவசர ஸ்பேர் பட்டியல் தயாரித்து இன்டென்ட் போட்டேன். நீங்கள் ஒப்புதல் தந்தீர்கள். 2025 ஜனவரியில் அதே வகைப் பழுது 9 மணியில் சரியானது. ஆண்டு முழுவதும் ஒரு பழுதைச் சரிசெய்யும் சராசரி நேரம் 3 மணியிலிருந்து 2.4 மணியாகக் குறைந்தது. 96 மணிப் பழுதைச் சேர்க்காவிட்டால் 2.6இலிருந்து 2.4. பழுதாகும் தடவை குறையவில்லை: ஆயிரம் மணி ஓட்டத்துக்கு இரு ஆண்டும் 3.3. ஸ்லிப்புகள் இணைப்பில்."

லேப் மேடம்
"நீங்கள் ஒப்புதல் தந்தீர்கள்" நல்லா இருக்கு. அவரும் அதுல பங்காளி ஆயிட்டார்.

காலையில் காபி
குறையவில்லைன்னு நீங்களே எழுதிக் கொடுக்கணுமா? அவர் கேட்டா சொல்லிக்கலாமே.

ரிட்டயர்டு ஃபோர்மேன்
நான்னா வைப்பேன். அடுத்த வருஷம் பி.எம்.க்கு ரெண்டு ஆள் கேட்கணும்னா அந்த வரிதான் கைகொடுக்கும். ஆனா மேனேஜர் யாருன்னு தம்பிக்குத்தான் தெரியும்.

ஓசூர் ஸ்பேனர்
அந்த வரியைத்தான் காலையில இருந்து போடறதும் அழிக்கறதுமா இருக்கேன். வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் இருக்கு.